புரூஃப் தாளையும் மானிட்டரையும் அருகருகே வைத்துப் பார்க்க: விளக்கும் அறையும் அமைக்கும் வழி

ஜவுளிக் கேட்டலாக், புத்தக அட்டை, கல்யாண ஆல்பம் என்று அச்சுக்குப் போகும் வேலையை வீட்டிலிருந்தோ சின்ன ஆபீஸிலிருந்தோ செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிவகாசியிலிருந்தோ உள்ளூர் பிரஸ்ஸிலிருந்தோ புரூஃப் வந்ததும் மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறோம். திரையில் நல்ல அரக்காக இருந்த பட்டு தாளில் பழுப்படித்துக் கிடக்கிறது. உடனே ஃபைலைத் திறந்து சிவப்பைக் கூட்டிவிடுகிறோம். அடுத்த புரூஃபில் முகங்களெல்லாம் சிவந்து வருகின்றன. பிரஸ்காரர் தன் மேல் தப்பில்லை என்கிறார், நாம் ஃபைலில் தப்பில்லை என்கிறோம். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். தலைக்கு மேல் எரியும் டியூப் லைட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை.

மானிட்டரை அளக்கும் கருவி வாங்கிய பிறகும் இந்தச் சிக்கல் தீராமல் நான் நிறைய அலைந்தேன். விளக்கைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கடைகளில் கேட்டால் எல்லா வெள்ளை பல்பையும் ‘டே லைட்’ என்கிறார்கள். கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். பலர் முதலில் விளக்கை வாங்கிவிட்டு அதற்கேற்ப மற்றதை யோசிக்கிறார்கள். அப்படிப் போனால் செலவு இரட்டிப்பாகும்.

## 1. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

அச்சுத் தாளைப் பார்ப்பதற்கான வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 3664 என்ற தரம் இருக்கிறது. ஒளியின் நிறம் டி50 என்று அது சொல்கிறது. ஏறத்தாழ 5000 கெல்வின், நடுப்பகல் வெயிலுக்குக் கிட்டத்தில் வரும் வெள்ளை. அளவில் இரண்டு நிலைகள் உண்டு. பி1 என்பது 2000 லக்ஸ். அச்சடித்த தாளையும் புரூஃபையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நுணுக்கமான வித்தியாசம் தேட இது. பி2 என்பது 500 லக்ஸ், இரு பக்கமும் 125 வரை ஏற இறங்கலாம். சாதாரணமாக ஒருவர் அச்சுப் பிரதியைக் கையில் எடுத்துப் பார்க்கும் சூழலுக்கு இது நெருங்கி வரும்.

மானிட்டருடன் ஒப்பிடுவதுதான் உங்கள் வேலை என்றால் உங்களுக்கு வேண்டியது பி2. காரணத்தைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். தாளின் மேல் விழும் லக்ஸை, தாள் திருப்பி அனுப்பும் பங்கால் பெருக்கி 3.14ஆல் வகுத்தால் அந்தத் தாள் எத்தனை கேண்டெலா பிரகாசமாகத் தெரிகிறது என்ற எண் வரும். நல்ல ஆர்ட் பேப்பர் தன்மேல் விழும் ஒளியில் 88 சதவீதம்போலத் திருப்பும். 500 லக்ஸில் அது சதுர மீட்டருக்கு 140 கேண்டெலா. 2000 லக்ஸில் 560.

சாதாரண ஆபீஸ் மானிட்டரை முழுப் பிரகாசத்தில் வைத்தாலும் 250, 300 கேண்டெலாவைச் சுற்றித்தான் நிற்கும். ஆகவே 2000 லக்ஸ் வெளிச்சத்தில் கிடக்கும் தாளை அந்த மானிட்டரின் எந்த அமைப்பாலும் எட்டிப் பிடிக்க முடியாது. திரை மங்கலாகவும் தாள் பளீரென்றும் தெரியும், நிழல் பகுதிகள் தாளில் திறந்துகொள்ளும், திரையில் அடைந்து கிடக்கும். பிரஸ்ஸில் வைத்திருக்கும் வியூயிங் பூத்தைப் பார்த்துவிட்டு அதே மாதிரி ஒன்றை வாங்கி மானிட்டர் பக்கத்தில் வைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பூத் வாங்குவதானால் ஒளியைக் குறைக்கும் வசதி உள்ளதா என்று கேட்டே வாங்குங்கள்.

தாளின் மேல் 400 முதல் 500 லக்ஸ், மானிட்டர் வெள்ளை 110 முதல் 140 கேண்டெலா. இந்த இரண்டு எண்களையும் எழுதி மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்பும்.

## 2. விளக்கு வாங்குமுன் கேட்க வேண்டிய காகிதங்கள்

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் ஊரில் ‘கூல் டே லைட்’ என்று விற்கும் எல்இடி பல்பும் டியூபும் 6500 கெல்வின், நிறம் காட்டும் திறனான சிஆர்ஐ 80ஐச் சுற்றி. டியூப் முனையில் 865 என்று மூன்று இலக்கக் குறி இருந்தால் அர்த்தம் இதுதான்: முதல் இலக்கமான 8, சிஆர்ஐ 80களில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது, 65 என்பது 6500 கெல்வின். உங்களுக்கு வேண்டிய குறி 950. சிஆர்ஐ 90க்கு மேல், 5000 கெல்வின்.

950 என்ற குறி உள்ளே நுழைய ஒரு டிக்கெட் மட்டுமே, அதோடு தேர்வு முடிந்துவிடவில்லை. சிஆர்ஐ என்று விளம்பரத்தில் போடும் எண் ஆர்1 முதல் ஆர்8 வரை எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. அடர்ந்த சிவப்பு அதில் இல்லை. அது ஒன்பதாவதாகத் தனியே நிற்கிறது, ஆர்9 என்பார்கள். சராசரி 90 காட்டும் விளக்கிலேயே ஆர்9 ஐம்பதாக இருக்கலாம். அந்த ஒளியில் குங்குமச் சிவப்பும் அரக்குப் பட்டும் உதட்டு நிறமும் சுரத்திழந்து போகும். நம் வேலையில் பாதிக்கு மேல் இந்த நிறங்கள்தான் என்பதால் ஆர்9 எண்ணைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

விற்பவரிடம் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை:

- நிறமாலை வரைபடம். 380 முதல் 780 நானோமீட்டர் வரை ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் படம்.
- ஆர்1 முதல் ஆர்15 வரை தனித்தனி எண்கள். எட்டு அடிப்படை எண்களில் எதுவும் 80க்குக் கீழே போகக்கூடாது என்பது ஐஎஸ்ஓ 3664 விதி. ஆர்9 எண்பதாவது வேண்டும் என்பது என் சொந்த விதி.
- டியூவி என்ற எண். ஒரே 5000 கெல்வினில் ஒரு விளக்கு பச்சை அடிக்கலாம், இன்னொன்று ரோஜா அடிக்கலாம். அந்தச் சாய்வை இது சொல்லும். சரியான டி50க்கு இது 0.003 அளவில் இருக்கும். எதிர்மறையாகப் போனால் ரோஜா, 0.006ஐத் தாண்டினால் பச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள்.
- இந்த எண்கள் எந்தச் சோதனை அறிக்கையிலிருந்து வந்தவை என்பது. எல்இடி தயாரிப்பாளர்கள் எல்எம்-79 என்ற முறைப்படி சோதித்த அறிக்கை வைத்திருப்பார்கள். கேட்டால் பிடிஎஃப் அனுப்புவார்கள்.

அறிக்கை அனுப்பாமல் “சார், இது ஸ்டுடியோ குவாலிட்டி” என்று மட்டும் பதில் வந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். அறிக்கை வந்தாலும் அது நீங்கள் கேட்ட 5000 கெல்வின் மாடலுடையதா என்று பாருங்கள். அதே தொடரின் 4000 கெல்வின் மாடல் அறிக்கையை அனுப்பிவைப்பது அடிக்கடி நடக்கிறது.

## 3. புற ஊதாக் கதிரை மறக்காதீர்கள்

ஆர்ட் பேப்பரிலும் ஜெராக்ஸ் தாளிலும் வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. வெயிலில் தாள் நீலம் போட்டுத் துவைத்ததுபோலத் தெரிவது இதனால்தான். பெரும்பாலான எல்இடி விளக்குகள் 450 நானோமீட்டர் நீலச் சில்லிலிருந்து கிளம்புகின்றன, அவற்றில் புற ஊதா ஏறக்குறைய இல்லை. அந்த ஒளியில் அதே தாள் சற்று மஞ்சளாகிவிடும்.

இப்போதைய புரூஃபிங் முறைகள் எம்1 என்ற அளவீட்டு நிலையைப் பின்பற்றுகின்றன. டி50 ஒளியில் இருக்க வேண்டிய அளவு புற ஊதாவும் சேர்ந்தே அதில் கணக்கில் வருகிறது. உங்கள் பிரஸ் தரும் புரொஃபைல் `PSO Coated v3` என்றால் அது எம்1 வழி வந்தது. அதில் தாளின் வெள்ளையே நீலச் சாய்வோடு எழுதப்பட்டிருக்கிறது. பழைய `ISO Coated v2` புரொஃபைலில் அந்தச் சாய்வு மிகக் குறைவு. முதலாவதை வைத்து வேலை செய்பவர், புற ஊதா இல்லாத விளக்கின் கீழ் தாளைப் பார்த்தால் திரை நீலமாகவும் தாள் மஞ்சளாகவும் தெரியும், இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது.

விளக்கில் புற ஊதா இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கள்ள நோட்டு பார்க்கும் சின்ன யுவி டார்ச் ஒன்று வாங்குங்கள். அதை அடித்தால் பளபளவென்று நீலமாக ஒளிரும் தாள் ஒன்றையும், ஒளிராத தாள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் தாளுக்கு ஜெராக்ஸ் தாள் போதும், ஒளிராததற்குப் பருத்திக் கூழில் செய்த ஓவியத் தாள் பொருந்தும். இரண்டையும் ஜன்னலைத் திறந்து பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு விளக்கின் கீழ் வையுங்கள். வித்தியாசம் காணாமல் போய் இரண்டும் ஒரே குடும்பமாகத் தெரிந்தால் அந்த விளக்கில் புற ஊதா இல்லை.

அப்படி ஒரு விளக்குதான் கிடைக்கிறது என்றால் அதை ஒதுக்கத் தேவையில்லை. மானிட்டர் வெள்ளையைத் தாளைப் பார்த்தே பொருத்தினால், கீழே ஏழாவது படியில் சொல்வதுபோல, பெரும்பகுதி சரியாகிவிடும். தாளின் வெள்ளை பற்றி மட்டும் பிரஸ்ஸோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். புற ஊதாவும் கலந்து தரும் டி50 எல்இடி விளக்குகள் வெளிநாட்டில் கிடைக்கின்றன, விலை கூடுதல்.

## 4. வாங்குவது: செலவு, நாட்கள், ஒயரிங்

கீழே உள்ளவை நான் விசாரித்ததில் கிடைத்த தோராய விலைகள். மாதத்துக்கு மாதம் மாறும்.

நான்கடி 950 எல்இடி டியூப் ஒன்று, நல்ல அறிக்கையோடு, வரி எல்லாம் சேர்ந்து 3,000 முதல் 6,000 ரூபாய் வரை. லக்ஸ் மீட்டர் 1,500 முதல் 3,000. அறைக்குச் சாம்பல் பெயிண்டும் கனமான திரைச்சீலையும் சேர்த்து ஐந்தாயிரம் பக்கம். மானிட்டர் அளக்கும் கருவி இல்லையென்றால் அது தனியே பதினைந்தாயிரத்துக்கு மேல். மேஜைமேல் வைக்கும் தரச் சான்றுள்ள வியூயிங் பூத், ஜெர்மனியின் ஜஸ்ட் நார்ம்லிக்ட் அல்லது அமெரிக்காவின் ஜிடிஐ தயாரிப்பு, வரியோடு லட்சத்தை நெருங்கும் அல்லது தாண்டும். மாதம் நாலைந்து வேலை செய்பவருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் நிறுவனம் அடையாள ஆவணம் கேட்கும். ஆதார், பான் நகல்களைத் தயாராக வையுங்கள். பில்லில் பொருளின் பெயரும் விலையும் தெளிவாக இல்லையென்றால் சுங்கத்தில் நின்றுவிடும். மூன்று, நான்கு வாரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சீசன் ஆரம்பிக்கும் மாதத்தில் ஆர்டர் போட்டு வேலை நடக்கும் என்று நம்பாதீர்கள்.

ஆர்டர் போடுமுன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மின்னழுத்தம். அமெரிக்கக் கடைகளில் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டியூபுகள் உண்டு, இங்கே 230 வோல்ட்டில் போட்டால் போன இடம் தெரியாது. 100 முதல் 277 வரை என்று எழுதியிருந்தால் பயமில்லை. இரண்டு, ஒயரிங். எல்இடி டியூபில் சிலவற்றுக்கு ஒரு முனையில் மட்டும் மின்சாரம் தர வேண்டும், சிலவற்றுக்கு இரு முனையிலும். பழைய பட்டியில் மாட்டுவதானால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட வேண்டியிருக்கும். டியூபோடு வரும் படத்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் செய்யுங்கள்.

பட்டிக்கு மேல் போடும் பிளாஸ்டிக் மூடி வேண்டாம். பழகிய மூடி மஞ்சளடித்துப் போயிருக்கும், புது மூடியும் புற ஊதாவை விழுங்கும்.

## 5. அறையை முடக்குங்கள்

விளக்கில் ஐயாயிரம் போட்டுவிட்டு மூன்று பக்கம் ரோஸ் சுவர் வைத்திருந்தால் தாளின் மேல் விழுவது ரோஸ் கலந்த ஒளிதான். ஒப்பிடும் மேஜையைச் சுற்றி, உங்கள் கண்ணில் படும் சுவர், மேஜைப் பரப்பு, பின்புறச் சுவர் இவை மட்டும் சாம்பலாக இருந்தால் போதும். அறை முழுக்க அடிக்க வேண்டாம். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட். பூத்துகளின் உள்சுவருக்கு அடிக்கும் சாம்பலுக்கு மன்செல் என்8 என்று பெயர், ஒளியில் ஏறத்தாழ 60 சதவீதம் திருப்பும். அதைவிடக் கொஞ்சம் அழுத்தமாக இருந்தாலும் நல்லதே.

பெயிண்ட் கடையில் கேட்டலாக்கைக் காட்டி ‘கிரே’ என்றால் தருவது பெரும்பாலும் நீலமோ பச்சையோ கலந்த சாம்பல். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வெள்ளையும் கறுப்பும் மட்டும் கலந்து தரச் சொல்லி, கடை வாசலில் பகல் ஒளியில் அட்டையோடு வைத்துப் பாருங்கள். அழுத்தம் வேறாக இருக்கலாம், சாய்வு தெரியக்கூடாது. வாங்கும் அளவு ஒரு லிட்டர் போதும்.

ஜன்னல் வெளிச்சம் காலையில் ஒரு நிறம், நாலு மணிக்கு ஒரு நிறம். ஒப்பிடும் நேரத்தில் அதை முழுவதும் அடைக்க வேண்டும். கனத்த துணிக்கு உட்பக்கம் கறுப்புத் துணி வைத்துத் தைத்தால் போதும். புரூஃப் விளக்கை அணைத்து, மற்ற எல்லாம் வழக்கம்போல இருக்க, மானிட்டர் முகத்தில் லக்ஸ் மீட்டரை வெளிப்பக்கம் பார்த்து வைத்து அளக்கவும். 64 லக்ஸைத் தாண்டக்கூடாது, 32க்குள் வந்தால் மிக நல்லது. இதற்கு மேல் போனால் திரையின் கறுப்பு வெளுத்துப்போகும், அடர்ந்த நிறங்களைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவு எதையும் நம்ப முடியாது.

ஒப்பிடும்போது போட்டிருக்கும் சட்டைகூடக் கணக்கில் வரும். சிவப்பு டீ ஷர்ட்டோடு மேஜைமேல் குனிந்தால் லேமினேஷன் போட்ட தாளில் அந்தச் சிவப்பு தெரியும்.

## 6. எந்த உயரத்தில் தொங்கவிடுவது: ஒரு அறையின் கணக்கு

என் அறை பத்துக்குப் பத்தடி. மானிட்டர் மேஜைக்கு வலப்பக்கம் நான்கடி நீளச் சாம்பல் பலகை, அதன்மேல்தான் புரூஃப். பலகைக்கு நேர் மேலே நான்கடி டியூப், 18 வாட், அட்டையில் 1600 லூமென் என்று போட்டிருந்தது.

டியூபைத் தாளிலிருந்து 60 செண்டிமீட்டர் உயரத்தில் கட்டிப் பார்த்தால் தாளில் 900 லக்ஸ். கணக்குப்படி அந்தத் தாள் 250 கேண்டெலா. மானிட்டரை அந்த அளவுக்கு ஏற்றினால் இருட்டறையில் கண் கூசும், கறுப்பும் வெளுக்கும். ஒரு மீட்டருக்கு உயர்த்தியதும் 420 லக்ஸ் வந்தது. 420ஐ 0.88ஆல் பெருக்கி 3.14ஆல் வகுத்தால் 118 கேண்டெலா. இது பி2 வரம்புக்குள்ளும் இருக்கிறது, மானிட்டருக்கும் இதமான அளவு. அங்கேயே சங்கிலியை முடிச்சுப் போட்டேன்.

இதில் கவனிக்க வேண்டியது: நீண்ட டியூப் பக்கத்தில் இருக்கும்போது, தூரத்தை இரட்டித்தால் ஒளி கால்பங்காகும் என்ற பள்ளிக்கூட விதி அப்படியே வேலை செய்யாது. அந்த விதி புள்ளி போன்ற சின்ன பல்புக்கு. டியூப் மெதுவாகத்தான் குறையும். ஆகவே கணக்குப் போட்டுக் கொக்கி அடிக்காதீர்கள், சங்கிலியில் தொங்கவிட்டு, மீட்டரைப் பார்த்தபடி ஏற்றி இறக்குங்கள்.

மீட்டரைத் தாள் எப்படி இருக்கிறதோ அதே சாய்வில் வையுங்கள். மேஜைமேல் மட்டமாக வைத்து 420 அளந்துவிட்டு, பிறகு தாளை 45 டிகிரி சாய்த்து ஸ்டாண்டில் வைத்தால் தாளுக்குக் கிடைப்பது 300 பக்கம்தான். அளவு பார்க்கும்போது தாளின் நடுவிலும் நாலு மூலையிலும் பாருங்கள். மூலைகள் நடுவின் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் இரண்டாவது டியூப் வேண்டும் அல்லது உயரத்தைக் கூட்ட வேண்டும். ஏ3 தாளுக்கு நான்கடி டியூப் ஒன்றே தாராளம்.

லேமினேஷன் போட்ட அட்டையில் டியூபின் பிம்பம் கண்ணுக்கு வருகிறதா என்று உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். தாளை மட்டமாக வைத்து, மேலிருந்து ஒளி விழ, 45 டிகிரிச் சாய்வில் பார்த்தால் பிம்பம் வேறு பக்கம் போய்விடும்.

டியூபுக்கும் மானிட்டருக்கும் நடுவில் ஒரு தடுப்பு அவசியம். மேட் கறுப்பு அடித்த பிளைவுட் பட்டை ஒன்றை டியூபின் மானிட்டர் பக்க விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். விளக்கு எரியும்போது மானிட்டர் முகத்தில் மறுபடி அளந்து, 64க்குள் வரும் வரை பட்டையைக் கீழே இறக்க வேண்டும்.

## 7. மானிட்டரைத் தாளுக்குப் பொருத்துங்கள்

விளக்கை மாற்றிக்கொண்டே மானிட்டரைத் துரத்தாதீர்கள். விளக்கு நிலையானது, மானிட்டர்தான் நகர வேண்டும். மானிட்டர் அரை மணி நேரம் எரிந்திருக்கட்டும்.

வேலை அச்சாகப்போகும் தாளிலேயே அச்சடிக்காத வெற்றுத் தாள் ஒன்றைப் பிரஸ்ஸில் கேட்டு வாங்குங்கள். அதை விளக்கின் கீழ் வைத்து, திரையில் வெற்று வெள்ளை விண்டோ ஒன்றைத் திறந்து பக்கத்தில் ஒப்பிடுங்கள். பிரகாசத்தை முதலில் பொருத்த வேண்டும். மானிட்டர் கருவி இருந்தால் இலக்கு 118 அல்லது 120 என்று கொடுக்கலாம். கருவி இல்லாவிட்டால் கேமராவே போதும்: மேனுவல் முறையில் ஐஎஸ்ஓ 100, எஃப்8, ஷட்டர் 1/15 நொடி வைத்து, ஸ்பாட் மீட்டரால் தாளைப் பாருங்கள், பிறகு திரையைப் பாருங்கள். இரண்டிலும் மீட்டர் முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். சுழியில் நின்றால் அது 120 கேண்டெலா அளவைச் சுற்றி இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து நிறம். கருவியில் 5000 கெல்வின் கொடுத்தால் பல மானிட்டர்களில் திரை தாளைவிட மஞ்சளாகத் தெரியும். மானிட்டரும் விளக்கும் வெவ்வேறு நிறமாலையில் வெள்ளையை உருவாக்குகின்றன. கருவி நம்பும் ‘சராசரிக் கண்’ உங்கள் கண்ணோடு முழுக்க ஒத்துப்போகாது. அதனால் எண் ஒன்றானாலும் பார்வை ஒன்றாகாது. 5000இல் தொடங்கி 5200, 5400 என்று ஏற்றிக்கொண்டே போங்கள், தாளும் திரையும் ஒன்றுபோலத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். 5800 வரை போனாலும் தப்பில்லை. பச்சை, ரோஜா சாய்வு மிஞ்சினால் மானிட்டரின் சிவப்பு, பச்சை அளவுகளைக் கொஞ்சம் தொட்டுச் சரிசெய்துவிட்டு, அந்த நிலையில் புரொஃபைல் எடுங்கள்.

ஃபோட்டோஷாப்பில் `View > Proof Setup > Custom` சென்று பிரஸ் தந்த புரொஃபைலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மானிட்டர் வெள்ளையை வெற்றுத் தாளுக்கே பொருத்திவிட்டீர்கள், தாளின் சாய்வு திரையில் ஏற்கெனவே இருக்கிறது. இந்த நிலையில் `Simulate Paper Color` பெட்டியை டிக் செய்தால் அதே சாய்வு இரண்டாம் முறை ஏறிப் படம் மங்கி, அழுக்கடித்ததுபோல ஆகும். அதை விட்டுவிட்டு `Simulate Black Ink` மட்டும் டிக் செய்யுங்கள். பொதுவான டி50 வெள்ளைக்கு மானிட்டரை அமைத்து, பல தாள்களுக்கு வேலை செய்பவர்கள் மட்டும் `Simulate Paper Color` போட வேண்டும்.

நிறமாலை அளக்கும் கருவி யாரிடமாவது ஒரு மணி நேரம் வாங்க முடிந்தால் விளக்கையும் சோதித்துவிடுங்கள். ஐ1 ப்ரோ போன்ற கருவியில் சுற்றொளி மூடியை மாட்டி, இலவச ஆர்கில் மென்பொருளில் இதை ஓட்டினால் கெல்வினும் சிஆர்ஐயும் நிறமாலையும் வரும்:

```
spotread -a -T -S
```

## 8. ஒப்பிடும் நாளில்

விளக்கைப் போட்டுக் கால்மணி நேரம் பொறுங்கள். பழைய வகை ஃப்ளோரசன்ட் டியூப் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம், சூடேறும் வரை நிறம் நகரும். அறைக்குள் வந்ததும் பார்க்க ஆரம்பிக்காமல் ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்குங்கள், இடையில் ஃபோனைப் பார்க்காதீர்கள். இங்க்ஜெட் புரூஃப் அடித்த கையோடு முடிவெடுக்க வேண்டாம். மை காய்ந்து நிலைக்கக் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் இன்னும் அதிகம். ஆஃப்செட் தாள் ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்து காய்ந்ததும் மங்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

புரூஃபையும் அச்சையும் பிரஸ்ஸில் வைத்து ஒப்பிடப் போகும்போது ரெம் பட்டை என்ற சின்ன ஒட்டுத்தாளைக் கையில் கொண்டுபோங்கள். 5000 கெல்வின் ஒளியில் அது ஒரே நிறமாகத் தெரியும், ஒளி பொருந்தாத இடத்தில் கோடுகள் எழும். மெஷின் ஹாலில் 865 டியூப்தான் எரிகிறது என்றால் கோடுகள் வந்துவிடும். இங்க்ஜெட் மையும் ஆஃப்செட் மையும் வேறு சாயங்கள், டி50இல் ஒத்துப்போனவை அந்த டியூபின் கீழ் பிரிந்து நிற்கும். அந்த இடத்தில் ஓகே கையெழுத்துப் போடாமல், அவர்கள் பூத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கேளுங்கள். அங்கே 2000 லக்ஸ் என்பதால் நிழல்கள் உங்கள் அறையில் தெரிந்ததைவிடத் திறந்து தெரியும், அதற்காக மையைக் கூட்டச் சொல்லிவிடாதீர்கள். பூத் இல்லாத பிரஸ் என்றால் ஓகே செய்த தாளை உங்கள் பலகையில் வைத்துப் பார்த்த பிறகே வேலை ஓடட்டும் என்று வேலை உத்தரவிலேயே எழுதிவிடுங்கள், அதற்கான ஒரு நாளையும் டெலிவரி தேதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டியூப் மாட்டிய தேதியை அதன் முனையில் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஃப்ளோரசன்ட் என்றால் 2000, 2500 மணி நேரத்தில் மாற்றிவிட வேண்டும், எரிந்துகொண்டிருந்தாலும் சரி. எல்இடி அதைவிட நெடுநாள் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை லக்ஸ் மீட்டரை அதே இடத்தில் வைத்துப் பார்த்து, 420 இருந்த இடத்தில் 370 காட்டினால் சங்கிலியில் இரண்டு கண்ணி இறக்கிவிட்டு வெற்றுத் தாளோடு மானிட்டரை மறுபடி ஒருமுறை பாருங்கள்.